வளைவுக்குள் பிடித்த பிரேக்

கொல்லிமலையில் சோளக்காட்டிலிருந்து காரவல்லி அடிவாரத்துக்கு இறங்கும் சாலையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன என்பது பலருக்கும் தெரியும். நான் விழுந்த இடம் அந்த எழுபதில் ஒன்று அல்ல. இரண்டு கொண்டை ஊசிகளுக்கு நடுவே, எண் பலகை எதுவும் இல்லாமல், இடப்புறம் பாறையும் வலப்புறம் தடுப்புச் சுவருமாகக் கிடக்கும் ஒரு சாதாரண இடது வளைவு அது. கொண்டை ஊசி வருகிறது என்று பலகை சொல்லும்போது எல்லோரும் வேகத்தைக் குறைத்து விடுகிறோம். எச்சரிக்கை எதுவும் இல்லாமல், நுழையும்போது அகலமாகத் தோன்றி உள்ளே போகப் போக இறுகும் இத்தகைய வளைவுகளில்தான் தவறு நேர்கிறது.

பகல் பதினொரு மணி இருக்கும். சாலை உலர்ந்திருந்தது, மணலோ எண்ணெயோ இல்லை. நான் ஓட்டியது ஏபிஎஸ் வசதி வருவதற்கு முந்தைய 150 சிசி வண்டி. என் தம்பி இன்னொரு வண்டியில் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தான். மூன்றாவது கியரில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வேகத்தில் அந்த வளைவுக்குள் நுழைந்தேன். பாதி வளைவில் பாறையின் மறைவிலிருந்து, மேலேறி வரும் ஒரு பேருந்தின் முகப்பு தெரிந்தது. பேருந்து தன் பக்கத்தில்தான் வந்தது. ஆனால் வளைவு இறுகியதால் அதன் முன்மூலை நடுக்கோட்டை ஒட்டி நீட்டிக்கொண்டிருந்தது. அடுத்த கணம் நான் முன் பிரேக்கை இறுகப் பிடித்தேன். சாய்ந்திருந்த வண்டி வெடுக்கென்று நிமிர்ந்து, வளைவதை விட்டுவிட்டு நேராகப் பேருந்தை நோக்கிப் போகத் தொடங்கியது. அந்தப் பயத்தில் பின் பிரேக்கையும் அழுத்தி மிதித்தேன். பின்சக்கரம் சுழல்வதை நிறுத்தி வலப்பக்கமாக விலக, நானும் வண்டியும் இடப்பக்கம் விழுந்து சறுக்கினோம். ஓட்டுநர் பேருந்தை ஏற்கெனவே நிறுத்தியிருந்தார். அதன் முன்சக்கரத்துக்குச் சில அடிகள் முன்பாக நான் நின்றேன். இடது முழங்கையில் தோல் உரிந்ததோடு தப்பித்தேன் என்றால், அதற்கு அந்த ஓட்டுநரின் நிதானமே காரணம்.

வண்டியைத் தூக்கி ஓரமாக நிறுத்திய பிறகு, தம்பி சொன்ன முதல் வார்த்தைகள் இன்றும் நினைவில் இருக்கின்றன. "அண்ணா, நீங்க பஸ்ஸையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. ஹெல்மெட் அது பக்கமே திரும்பியிருந்துச்சு. பிரேக் லைட் எரிஞ்சதும் வண்டி நிமிந்துருச்சு." பின்னாலிருந்து பார்த்தவனுக்கு இந்த வரிசை தெளிவாகத் தெரிந்திருந்தது: முதலில் பார்வை போனது, பிறகு கை போனது, அதன் பிறகு வண்டி போனது.

போக்குவரத்து நகர்ந்ததும் நாங்கள் மேலே நடந்து சென்று சாலையைப் பார்த்தோம். பின்டயர் தேய்த்த கறுப்புக் கோடு அங்கே இருந்தது. சாலை இடப்பக்கம் வளைந்து செல்ல, அந்தக் கோடு மட்டும் அளவுகோல் வைத்து இழுத்ததுபோல் நேராக நடுக்கோட்டை நோக்கிச் சென்று, கடைசி ஓரடியில் மட்டும் வெளியே திரும்பியிருந்தது. வளைவின் நடுவே பிரேக்கைப் பிடித்த வண்டி வளைவதை நிறுத்திவிடும் என்பதை அந்தக் கோட்டைவிடத் தெளிவாக எனக்கு யாரும் காட்டியதில்லை.

இது ஏன் நடக்கிறது என்பதைப் பிறகு பொறுமையாகப் படித்தும் பயிற்சியாளர்களிடம் கேட்டும் புரிந்துகொண்டேன். இடப்பக்கம் சாய்ந்திருக்கும் வண்டியின் முன்டயர் தன் நட்டநடுப் பகுதியால் சாலையைத் தொடுவதில்லை. தொடும் இடம் டயரின் இடப்பக்கச் சரிவுக்கு நகர்ந்திருக்கிறது. ஆகவே முன் பிரேக்கைப் பிடித்தால், சாலை டயரைப் பின்னோக்கி இழுக்கும் விசை ஹேண்டில் திரும்பும் அச்சுக்கு நேராக விழாமல், அதற்கு இடப்பக்கமாக விழுகிறது. அந்த இழுப்பு ஹேண்டிலை இடப்பக்கமே திருப்பப் பார்க்கும். ஓடும் இருசக்கர வண்டியில் ஹேண்டில் இடப்பக்கம் திரும்பினால் சக்கரம் வண்டியின் எடைக்குக் கீழே வந்துவிடும், வண்டி வலப்பக்கமாக நிமிரும். சாய்வு குறைந்தால் வளைவும் குறையும். எனவே இடது வளைவில் வண்டி எதிர்வாகனத்தின் தடத்துக்குப் போகிறது, வலது வளைவில் சாலை ஓரத்துக்கோ தடுப்புச் சுவருக்கோ போகிறது. நாம் இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் இருப்பதால், மலையில் இடது வளைவில் அகன்று போவதே அதிக ஆபத்தானது என்று நான் கருதுகிறேன்.

இரண்டாவது காரணம் டயரின் பிடிப்பு. ஒரு டயர் சாலையைப் பற்றிக்கொள்ளும் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு. வளைவில் வண்டியைப் பக்கவாட்டில் தாங்குவதும் பிரேக் பிடிக்கும்போது வேகத்தைக் குறைப்பதும் அந்த ஒரே கையிருப்பிலிருந்துதான் நடக்கின்றன. வளைவதற்குப் பெரும்பகுதியைச் செலவழித்துக்கொண்டிருக்கும் டயரிடம் திடீரென்று முழு பிரேக்கையும் கேட்டால் அது இரண்டையும் கைவிட்டுவிடும். அதிலும் பிரேக்கை வெடுக்கென்று பிடிப்பது மெதுவாகப் பிடிப்பதைவிட மோசமானது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்சக்கரத்துக்கு மாறி, அந்தச் சக்கரத்தைச் சாலையோடு அழுத்த ஒரு கணம் தேவைப்படுகிறது. அந்த அழுத்தம் வந்து சேர்வதற்கு முன்பே முழு விசையும் வந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பின்சக்கரத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. எடை முன்னே போய்விட்டதால் அது ஏற்கெனவே இலேசாகியிருக்கும், இறக்கத்தில் இன்னும் இலேசாக இருக்கும், கால் பிரேக்கைச் சற்று அழுத்தினாலே வழுக்கும். அப்படி வழுக்கும் பின்சக்கரத்தின் பிரேக்கைப் பதற்றத்தில் திடீரென்று விடுவதும் ஆபத்துதான். பக்கவாட்டில் விலகிய சக்கரம் மறுபடி பிடிப்பைப் பெறும் கணத்தில், வண்டி எதிர்ப்பக்கமாக உதறி, ஓட்டுபவரைத் தூக்கியெறியக்கூடும்.

என் விபத்தைக் கணக்காகவும் போட்டுப் பார்த்தேன், ஏனென்றால் என்னை அதிகம் உறுத்தியது அந்தக் கணக்குதான். கைப்பேசி வரைபடத்தில் அளந்தபோது, நான் நுழைந்த இடத்தில் வளைவின் ஆரம் ஏறத்தாழ 25 மீட்டர், இறுகும் இடத்தில் 20 மீட்டர். 40 கிலோமீட்டர் வேகத்தில் 25 மீட்டர் ஆரத்தில் வளைய வண்டி 27 பாகை அளவுக்குச் சாய வேண்டும். 20 மீட்டர் ஆரத்துக்கு 32 பாகை வேண்டும். அதாவது எனக்குத் தேவைப்பட்டது இன்னும் ஐந்து பாகைச் சாய்வு மட்டுமே. உலர்ந்த நல்ல சாலையில் நல்ல டயருக்கு அது தாங்கக்கூடியதுதான். வீட்டுக்கு வந்து வண்டியைப் பார்த்தபோது, இரண்டு டயர்களிலும் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சாலையே படாத புது ரப்பர் மினுமினுத்தது. விழாத வலப்பக்கத்தின் கால்மிதி முனையில் ஒரு கீறல்கூட இல்லை. வண்டியிடம் கையிருப்பு இருந்தது, நான் அதைக் கேட்கவில்லை. பேருந்தைக் கண்ட கணத்தில் பார்வையைப் பேருந்திலிருந்து எடுத்து, வளைவு முடியும் இடத்தில் வைத்து, இடது கைப்பிடியை இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளியிருந்தால், வண்டி தன் தடத்திலேயே போயிருக்கும்.

கைப்பிடியைத் தள்ளுவது என்பதைச் சிலர் நம்புவதில்லை. ஆகவே அதைச் சொல்லிவிடுகிறேன். சுமார் 20 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வண்டியை இடப்பக்கம் சாய்க்க, இடது கைப்பிடியை முன்னோக்கி மெல்லத் தள்ள வேண்டும். ஹேண்டில் ஒரு கணம் வலப்பக்கம் திரும்பும், சக்கரம் வண்டியின் அடியிலிருந்து வலப்பக்கம் விலகும், வண்டி இடப்பக்கம் சாயும். எல்லோரும் அறியாமலே இதைத்தான் செய்கிறோம். ஆனால் அறிந்து செய்யப் பழகாதவர், பயம் வரும் கணத்தில் இரு கைகளையும் விறைத்துப் பிடித்துக்கொள்கிறார். விறைத்த கைகள் ஒன்றையொன்று எதிர்க்கும், வண்டி சாயாது. நேரான, ஆளில்லாத சாலையில் 30 கிலோமீட்டர் வேகத்தில் இடது உள்ளங்கையால் ஒருமுறை, வலது உள்ளங்கையால் ஒருமுறை என்று மெதுவாகத் தள்ளிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் இது கைக்குப் புலப்பட்டுவிடும்.

ஆனால் கைக்கு முன்பாகக் கண்ணைத்தான் திருத்த வேண்டியிருந்தது. வண்டி பார்வை போகும் திசைக்கே போகும் என்பதை எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். எனக்குத் தெரியாமல் இருந்தது, எங்கே பார்ப்பது என்பதுதான். வளைவை நெருங்கும்போது சாலையின் இடது விளிம்பும் வலது விளிம்பும் தொலைவில் ஓரிடத்தில் ஒன்றாகச் சேர்வதுபோல் தோன்றும். அதற்கு அப்பால் சாலை தெரியாது. அந்தச் சேரும் புள்ளிதான் நம் வேகத்துக்கான அளவுகோல். நாம் முன்னேறும்போது அந்தப் புள்ளி நம்மை நோக்கி வந்துகொண்டே இருந்தால் வளைவு இறுகுகிறது, நம் வேகம் அதிகம். அது நம்மோடு சேர்ந்து அதே தொலைவில் நகர்ந்தால் வேகம் சரியாக இருக்கிறது. அது நம்மைவிட வேகமாக விலகி ஓடத் தொடங்கினால் வளைவு திறக்கிறது, ஆக்சிலரேட்டரை மெதுவாகத் திருகலாம். நான் விழுந்த வளைவில் அந்தப் புள்ளி பாறையின் மூலையிலேயே அசையாமல் நின்று, நான் அதை நோக்கிப் பாய்ந்துகொண்டிருந்தேன். அந்தச் செய்தி நுழைவதற்கு முன்பே எனக்குக் கிடைத்திருந்தது. நானோ முன்சக்கரத்துக்கு ஏழெட்டு மீட்டர் முன்னே தார்ச்சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்தப் புள்ளிக்கு இன்னொரு பயன் உண்டு. நமக்குத் தெரியும் சாலையின் நீளத்துக்குள் நிற்க முடியாத வேகம் எதுவும் அந்த வளைவுக்கு அதிக வேகமே. 40 கிலோமீட்டர் வேகத்தில் பார்த்து, உணர்ந்து, கை பிரேக்கைத் தொடும் ஒரு நொடியிலேயே வண்டி 11 மீட்டர் போய்விடும். அதன்பின் நேரான நிலையில் நன்றாகப் பிரேக் பிடித்தாலும் நிற்க இன்னும் ஏறத்தாழ 10 மீட்டர் வேண்டும், இறக்கத்தில் அதற்கும் மேல். பாறையின் மூலை 20 மீட்டரில் இருந்தால் அந்த வேகத்துக்கு அங்கே இடமே இல்லை. மலைச்சாலையில் மூலைக்கு அப்பால் பேருந்து மட்டும் இருப்பதில்லை. மிளகு மூட்டை ஏற்றி நிற்கும் சரக்கு வண்டி இருக்கும், சாலையில் படுத்திருக்கும் மாடு இருக்கும், மழைக்குப் பின் உருண்ட கல் இருக்கும்.

கொண்டை ஊசியில் அந்தப் புள்ளி நமக்கு முன்னே இராது, தோளுக்குப் பக்கவாட்டில் இருக்கும். அங்கே கண்ணை மட்டும் திருப்பினால் போதாது, தாடை தோளை நோக்கிப் போகும் அளவுக்குத் தலையையே திருப்ப வேண்டும். கழுத்தை அவ்வளவு திருப்புவது முதலில் இயல்பாக இராது. முன்னே உள்ள சாலையைப் பார்க்காமல் விடுகிறோமே என்று மனம் அஞ்சும். ஆனால் முன்னே உள்ள பத்து மீட்டரை வரும்போதே பார்த்துவிட்டோம், அதில் இனிச் செய்ய எதுவும் இல்லை. மணல் இருந்ததா, கசிவு இருந்ததா என்பதை நுழைவதற்கு முன் ஒரு பார்வையில் முடித்துவிட்டு, பிறகு வெளியேறும் வாயிலைத் தேடிப் பார்வையை அங்கே வைக்க வேண்டும்.

ஆகவே வேகத்தைக் குறைப்பது முழுவதும் வளைவுக்கு முன்னால், வண்டி நிமிர்ந்திருக்கும்போது நடக்க வேண்டியது. இப்போது நான் செய்வது இதுதான். சேரும் புள்ளியைக் கண்டதும் ஆக்சிலரேட்டரை விட்டு, முன் பிரேக்கை முதல் அரை நொடி விரலால் தொட்டதுபோலவும் பிறகு அழுத்தமாகவும் பிடித்து, பின் பிரேக்கைத் துணைக்கு மட்டும் வைத்து வேகத்தைக் குறைக்கிறேன். அதே நேரத்தில் கியரையும் இரண்டாவதுக்கு இறக்குகிறேன். 50லிருந்து 25க்கு வர, பதற்றமில்லாத அழுத்தத்தில் 20 முதல் 25 மீட்டர் போதும். இறக்கத்தில் இன்னும் சில மீட்டர் கூட்டிக்கொள்கிறேன். வண்டியைச் சாய்க்கத் தொடங்கும்போது பிரேக் விட்டாயிற்று, கிளட்ச் முழுவதும் விட்டாயிற்று. பிறகு ஆக்சிலரேட்டரை மூடவும் இல்லை, முறுக்கவும் இல்லை, வண்டி தன் வேகத்தைக் காத்துக்கொள்ளும் அளவுக்கு மட்டும் திறந்து வைக்கிறேன். கிளட்சைப் பிடித்துக்கொண்டு வளைவில் உருண்டு இறங்கும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. எரிபொருள் மிச்சம் என்று சொல்வார்கள். என்ஜினின் பிடி இல்லாத வண்டி இறக்கத்தில் தானாக வேகம் கூட்டும், அந்த வேகத்தைக் குறைக்கப் பிரேக்கைத்தான் தேட வேண்டியிருக்கும், அதுவும் வளைவுக்குள். இந்தப் பழக்கத்தை விடுவதில் நான் மிகக் கண்டிப்பாக இருக்கிறேன்.

தேர்ந்த ஓட்டுநர்கள் வளைவுக்குள் நுழைந்த பிறகும் முன் பிரேக்கை இலேசாக வைத்திருந்து, சாய்வு கூடக் கூட அதை விட்டுக்கொண்டே போவதைப் பார்க்கலாம். அது உண்மையான, பயனுள்ள முறைதான். நேரான சாலையில் தொடங்கிய பிரேக்கைப் படிப்படியாக விடுவது அது. சாய்ந்த நிலையில் புதிதாக ஒரு பிரேக்கைப் பிடிப்பதோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்த விரல் நுட்பம் வராதவர் நுழைவதற்கு முன்பே பிரேக்கை முடித்துவிடுவதுதான் நல்லது.

இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய இருசக்கர வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அதனால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று தம்பியின் நண்பர்கள் சிலர் நினைத்தார்கள். சாதாரண ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்வதைத்தான் தடுக்கும், வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. சாய்வையும் அளந்து பிரேக்கைத் திருத்தும் அமைப்பு விலை உயர்ந்த சில வண்டிகளில்தான் உண்டு. பல வண்டிகளில் ஏபிஎஸ் முன்சக்கரத்துக்கு மட்டுமே இருக்கிறது, பின்சக்கரம் என் வண்டியில் பூட்டியதுபோலவே பூட்டும். வண்டி நிமிர்ந்து எதிர்த்தடத்துக்குப் போவதையும் சாதாரண ஏபிஎஸ் தடுப்பதில்லை.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில நேரம் வேகம் அதிகம் என்பது உள்ளே போன பிறகே தெரியும். அப்போது என்ன செய்வது என்பதற்கு என்னிடம் இரண்டு விடைகள் உண்டு. வழி திறந்திருக்கிறது, வளைவுதான் இறுகுகிறது என்றால் பார்வையை வெளியேறும் இடத்துக்குக் கொண்டுபோய், உள்பக்கக் கைப்பிடியைத் தள்ளி, ஆக்சிலரேட்டரை அப்படியே வைத்து இன்னும் சாய்க்க வேண்டும். வழியே அடைபட்டிருக்கிறது, நின்றாக வேண்டும் என்றால் முதலில் வண்டியை நிமிர்த்தி, நேராக்கிய பிறகு முழு பிரேக்கையும் பிடிக்க வேண்டும். இதற்கு முன்னே சில மீட்டர் நேர்கோட்டு இடம் வேண்டும், இடது வளைவில் அந்த நேர்கோடு எதிர்த்தடத்தில் முடியும். இரண்டுக்கும் நடுவே கிடப்பது, ஈரமோ மணலோ உள்ள வளைவு. அங்கே இன்னும் சாய்ப்பதற்கான பிடிப்பும் இருக்காது. பின் பிரேக்கை மிக இலேசாகத் தொட்டு வேகத்தைச் சிறிது கரைப்பதைத் தவிரச் செய்யக்கூடியது அதிகம் இல்லை. பேருந்துகள் முக்கித் திரும்பும் கொண்டை ஊசிகளில் டீசல் சிந்தியிருப்பதும், பாறையிலிருந்து நீர் கசிந்து பாசி பிடித்திருப்பதும் கொல்லிமலையில் சாதாரணம் என்பதால், அங்கே நான் நுழையும் வேகம் உலர்ந்த சாலையில் நுழைவதில் பாதிதான்.

தடத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இடது வளைவில் பாறையை ஒட்டி நுழைந்தால் சாலை மிகக் குறைவாகவே தெரியும். தன் தடத்தின் நடுவுக்கு வந்தால் சேரும் புள்ளி பல மீட்டர் தள்ளிப் போய்விடும். ஆனால் நடுக்கோட்டிலிருந்து ஒரு மீட்டராவது விட்டே நிற்க வேண்டும், எதிரே வரும் பேருந்தின் மூலை அங்கேதான் வரும். வலது வளைவில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. சக்கரம் நம் தடத்துக்குள் இருந்தாலும், 27 பாகைச் சாய்வில் தலை சக்கரத்திலிருந்து ஏறக்குறைய இரண்டடி உள்ளே தொங்குகிறது. நடுக்கோட்டை ஒட்டி ஓட்டினால் தலை எதிர்த்தடத்தில் போகிறது.

முழங்கை ஆறிய பிறகு, தம்பியும் நானும் ஊருக்கு வெளியே உள்ள காலி மைதானத்தில் நான்கு ஞாயிற்றுக்கிழமை காலைகள் செலவிட்டோம். செருப்புகளையும் தண்ணீர் பாட்டில்களையும் அரைவட்டமாக வைத்து, 25 கிலோமீட்டருக்குள் ஓட்டினோம். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் வளைவின் முடிவில் நின்று, ஓட்டுபவரின் கண் தன்னைப் பார்க்கிறதா என்று மட்டும் கவனித்தோம். நடுவே ஒரு பாட்டிலை வழியில் வைத்து, அதைப் பார்க்காமல் அதற்குப் பக்கத்தில் கடந்து போவதையும் செய்தோம். முதல் நாள் நான் அந்தப் பாட்டிலை ஆறு முறை இடித்தேன். மூன்றாம் வாரம் அது இருப்பது கண்ணின் ஓரத்தில் தெரிந்தும் பார்வை அதற்குப் போகவில்லை.

ஐந்து மாதம் கழித்து அதே சாலையில் மறுபடி இறங்கினோம். அந்த வளைவின் பாறை தெரிந்ததும் இரண்டாவது கியருக்கு வந்து, 25ல் நுழைந்து, ஹாரன் அடித்தேன். பாறையின் மூலை நின்ற இடத்திலேயே நின்றது. நான் எதிர்பார்த்ததும் அதுதான். பிறகு அது மெல்ல விலகத் தொடங்கியபோது, எதிரே ஒரு பேருந்து ஏறி வந்தது. அதன் கண்ணாடி என் வலது தோளுக்கு நான்கடி தள்ளிக் கடந்ததைக் கண்ணின் ஓரத்தில் உணர்ந்தேன். தம்பி கீழே வந்து வண்டியை நிறுத்தியதும் சொன்னான்: "பிரேக் லைட் எரியவே இல்ல அண்ணா. தலை மட்டும் திரும்புச்சு."